நூறு எட்டுத் தூரத்தில் ஒரு சிவப்பு முக்கோணம்!

முடிச்சூரை ஒட்டிப் போகிறது வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை. ஆறு வழிச் சாலை அது. சென்னைக்குள் நுழையாமல் வடக்கே போகும் லாரிகள் இரவெல்லாம் அதில் ஓடுகின்றன.

அந்தச் சாலையில் ஒரு கார் பஞ்சராகி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணி இரவு பத்து. காரில் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். டிக்கியில் ஸ்டெப்னி இருக்கிறது. கணவர் இறங்கியதும் முதலில் எதை எடுப்பார்? ஜாக்கியைத்தான் எடுப்பார். அது தவறு. முதலில் எடுக்க வேண்டியது முக்கோணம்.

என்ன முக்கோணம்?

காரில் முதலுதவிப் பெட்டி, ஸ்டெப்னி இவற்றோடு ஒரு சிவப்பு முக்கோணமும் இருக்க வேண்டும். ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய அரை மீட்டர் நீளம். மடக்கி ஒரு சிறு பெட்டியில் வைத்திருப்பார்கள். புதிய காரோடு இதையும் கொடுப்பதுண்டு. பலர் அந்தப் பெட்டியைத் திறந்தே பார்ப்பதில்லை.

இதற்கு மின்சாரம் வேண்டாம், பாட்டரியும் வேண்டாம். தன்மேல் விழும் வெளிச்சத்தை வந்த வழியே இது திருப்பி அனுப்புகிறது. லாரியின் விளக்கு இதன்மேல் பட்டால், அந்த வெளிச்சம் லாரி டிரைவரின் கண்ணுக்கே திரும்பிப் போகிறது. அதனால்தான் நூறு மீட்டருக்கு அப்பாலும் இது பளிச்சென்று சிவப்பாகத் தெரிகிறது.

கணக்கைப் பாருங்கள்

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் பின்னால் வருகிறது. அந்த வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடும். எதிரே ஏதோ நிற்கிறது என்று கண்டு, டிரைவர் பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆகும். அதற்குள் 33 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்த பிறகும், காய்ந்த சாலையில் இன்னும் 36 மீட்டர் ஓடித்தான் நிற்கும். ஆக மொத்தம் ஏறக்குறைய 70 மீட்டர் வேண்டும். மழை பெய்தால் இன்னும் அதிகம். பாரம் ஏற்றிய லாரிக்கும் அதிகம்.

ஆனால் தாழ்த்திய விளக்கில், இருட்டில் நிற்கும் வண்டி 50 மீட்டர் தூரத்தில்தான் கண்ணுக்குப் புலப்படும். இருபது மீட்டர் குறைகிறது. மோதல் நடப்பது அந்த இருபது மீட்டரில்தான்.

செய்ய வேண்டியது என்ன?

காரை இடது ஓரத்தில் முடிந்தவரை ஒதுக்க வேண்டும். நான்கு மூலையிலும் மினுக்கும் விளக்கைப் போட வேண்டும். பிள்ளைகளை இடப்பக்கக் கதவு வழியாக இறக்கி, சாலையை விட்டுத் தள்ளி நிற்க வைக்க வேண்டும். காருக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது.

பிறகு முக்கோணத்தை விரித்து, வரும் வண்டிகளுக்குத் தெரியும்படி மார்புக்கு நேரே பிடித்துக்கொண்டு, சாலை ஓரமாகவே பின்னோக்கி நடக்க வேண்டும். நூறு எட்டு எண்ண வேண்டும். அது 70 மீட்டருக்கு மேல் வரும். அங்கே, கார் நிற்கும் நேர்கோட்டில், முக்கோணத்தை வைக்க வேண்டும். வளைவோ மேம்பாலமோ இருந்தால், அது தொடங்குவதற்கு முன்பே வைக்க வேண்டும். காருக்குப் பக்கத்திலேயே வைத்தால் பயன் இல்லை.

வலப்பக்கச் சக்கரம் பஞ்சரானால், ஓடும் வண்டிகளை ஒட்டி உட்கார்ந்து கழற்ற வேண்டி வரும். அந்த இடத்தில் கழற்றக் கூடாது. மெதுவாக உருட்டிப் பக்கத்துச் சர்வீஸ் சாலைக்குக் கொண்டுபோவது மேல். ரிம் கெட்டுப் போகலாம். போனால் போகட்டும், உயிர் மிஞ்சும்!

வேலை முடிந்த பிறகு கடைசியாக எடுக்க வேண்டியது முக்கோணம்.

கல்லும் கிளையும்

லாரி பழுதானால் பின்னால் கல்லை அடுக்குவதும், மரக்கிளையை ஒடித்துப் போடுவதும் வழக்கம். பச்சைக் கிளை இருட்டில் ஒளிராது. லாரி போன பிறகும் கல் அங்கேயே கிடக்கும். அடுத்து வரும் மோட்டார் சைக்கிள்காரர் அதில் ஏறி விழுவார்.

முக்கோணத்துக்கும் ஓர் எல்லை உண்டு. தூங்கி வழியும் டிரைவரை அது எழுப்பாது. பெருமழையில் மங்கித் தெரியும். அதனால்தான் ஆட்கள் சாலையை விட்டு விலகி நிற்க வேண்டும்.

நல்லதா, போலியா?

இன்று இரவே சோதித்துப் பார்க்கலாம். முக்கோணத்தைத் தெருக்கோடியில் நிறுத்துங்கள். ஐம்பது எட்டுத் தள்ளி நின்று, டார்ச் விளக்கைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து அடியுங்கள். சிவப்பு ஜொலித்தால் நல்லது. மங்கலாகத் தெரிந்தால் தூசியைத் துடைத்து மறுபடி அடியுங்கள். அப்போதும் ஜொலிக்காவிட்டால் அது வெறும் சிவப்புப் பிளாஸ்டிக். லாரி கடக்கும் காற்றில் விழாதபடி கால் கனமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டிலும் தேறினால், ஸ்டெப்னிக்கு அடியில் புதைக்காமல், டிக்கியைத் திறந்ததும் கைக்கு எட்டும்படி வையுங்கள்.