செவ்வாய்க்கிழமை வந்த போன்

திங்கட்கிழமை காலை 9.40. மாவட்டத் தலைநகர் ஒன்றில் உள்ள மனநல கிளினிக். முப்பது பேர் டோக்கனோடு காத்திருக்கிறார்கள். வரவேற்பு மேசையில் போன் அடிக்கிறது. பேசுபவர் ஒரு நோயாளியின் மைத்துனர். 34 வயதான அந்த நோயாளி ஞாயிற்றுக்கிழமை தற்கொலை செய்துகொண்டார் என்கிறார். மேசையில் இருக்கும் பெண்ணுக்கு அந்தப் பெயர் உடனே நினைவுக்கு வருகிறது. வார்டிலிருந்து வீடு திரும்பியவர். போன செவ்வாய்க்கிழமை போன் செய்து, "வியாழக்கிழமை வர முடியாது, வேற தேதி குடுங்க" என்று கேட்டிருந்தார். அதற்கு அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைதான் இடம் காலியாக இருந்தது. அதைக் கொடுத்தவர் அவர்தான்.

இந்த கிளினிக் எந்த ஊரிலும் இல்லை. பல இடங்களில் நடப்பதைச் சேர்த்து, விளக்கத்துக்காக அமைத்துக்கொண்டது. ஆனால் இப்படிப்பட்ட போன் மனநலத் துறையில் அரிதல்ல. அமெரிக்காவில் 1988இல் வெளியான ஓர் ஆய்வில், கேள்விக்குப் பதிலளித்த 259 மனநல மருத்துவர்களில் 51 சதவீதம் பேர் தங்கள் நோயாளி ஒருவரையாவது தற்கொலைக்குப் பறிகொடுத்திருந்தார்கள். மருத்துவரின் கதையாவது கணக்கில் வந்தது. போனை எடுத்த பெண், மருந்து கொடுத்த செவிலியர், வாரம் ஒருமுறை உட்கார்ந்து பேசிய உளவியலாளர் ஆகியோர் மீது விழும் பாரத்தைப் பற்றி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

முதல் ஒரு மணி நேரத்தில் செய்ய வேண்டியவை சின்னச் சின்ன வேலைகள்தான். தலைமை மருத்துவர் வரவேற்பு மேசைக்கு வேறொருவரை அனுப்பிவிட்டு அந்தப் பெண்ணை உள்ளே அழைத்து உட்கார வைக்கிறார். பிறகு குழுவில் உள்ள ஒவ்வொருவரிடமும் தானே நேரில் சொல்கிறார். அன்று விடுமுறையில் இருக்கும் உளவியலாளருக்குப் போன் செய்கிறார். கிளினிக்கின் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி முதலில் வந்துவிடக் கூடாது. உளவியலாளருக்கு மறுநாள் இருக்கும் சந்திப்புகளில் எதைத் தள்ளிப்போடலாம், எதை வேறொருவர் பார்க்கலாம் என்று கேட்டு முடிவு செய்கிறார்கள்.

இன்னொரு வேலையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கம்ப்யூட்டரில் வெள்ளிக்கிழமை சந்திப்பு அப்படியே இருக்கிறது. யாரும் நீக்காவிட்டால் வியாழன் மாலை, "நாளை காலை 10 மணிக்கு உங்கள் அப்பாயின்ட்மென்ட்" என்று இறந்தவரின் போனுக்குக் குறுஞ்செய்தி போகும். அந்த போன் அப்போது அவருடைய அக்காவின் கையில் இருக்கும்.

மருத்துவக் கோப்பில் கை வைக்கவே கூடாது. விட்டுப்போன குறிப்பு ஒன்றை எழுத வேண்டுமென்றால், இன்றைய தேதியும் நேரமும் போட்டு, பின்னர் எழுதியது என்று வெளிப்படையாகக் குறித்துத்தான் எழுத வேண்டும். இந்தியாவில் இத்தகைய மரணத்தை பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவின்படி காவல்துறை விசாரிக்கும். நல்லெண்ணத்தில் சேர்த்த ஒரு வரிகூட அங்கே திருத்தலாகத் தெரியும்.

அன்று மாலையே எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து, நடந்ததையும் மனதில் ஓடுவதையும் ஒவ்வொருவராகக் கொட்டச் சொல்லும் வழக்கம் ஒரு காலத்தில் உலகெங்கும் பரவியிருந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதிர்ச்சிக்கு ஆளானவர்களை ஒரே அமர்வில் இப்படிப் பேச வைத்த சோதனைகளை 2002இல் காக்ரேன் ஆய்வுக் குழு தொகுத்துப் பார்த்தபோது, பின்னாளில் வரும் மனக்காயத்தை அது தடுத்ததாகத் தெரியவில்லை. தீக்காயம் பட்டவர்களிடம் நடத்திய சோதனை ஒன்றில், பேச வைக்கப்பட்டவர்களின் நிலை மற்றவர்களைவிட மோசமாகவே இருந்தது. அதனால் இப்போது சொல்லப்படும் வழி எளிமையானது. யாரையும் கட்டாயப்படுத்திப் பேச வைக்காமல், தகவலைத் தெளிவாகச் சொல்லி, தேநீர் கொடுத்து, வீட்டுக்கு யாரோடு போகிறார்கள் என்று கேட்டால் போதும். அதற்குப் பிறகு மறக்காமல் திரும்ப வந்து விசாரிக்க வேண்டும்.

அந்தத் திரும்ப விசாரிப்பதற்குத் தேதி குறித்து வைப்பது நல்லது. மூன்றாம் நாள், இரண்டாம் வாரம், காவல்துறை வாக்குமூலம் கேட்கும் நாள், ஆய்வு அறிக்கை படிக்கப்படும் நாள், ஆண்டு நினைவு நாள் ஆகியவை முக்கியமானவை. இடைப்பட்ட காலத்தில் வேலையைக் கவனித்தாலே சில மாற்றங்கள் தெரியும். ஒரு மருத்துவர் திடீரென்று வருகிற எல்லோரையும் வார்டில் சேர்க்கச் சொல்வார். இன்னொருவர் தற்கொலை எண்ணத்தைப் பற்றிய கேள்வியையே நோயாளிகளிடம் கேட்காமல் தாண்டிப்போவார். நம் கிளினிக்கில் வரவேற்பு மேசைப் பெண் போன் அடித்தால் எடுப்பதற்குள் இரண்டு முறை கையைப் பின்னுக்கு இழுக்கிறார். "சிஸ்டர், நீங்க எடுங்களேன்" என்கிறார்.

கற்றல் ஆய்வு தொடங்குவது இதற்குப் பிறகுதான். அதை எழுதுபவரும் ஆறுதல் சொல்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. இல்லாவிட்டால் ஆறுதலுக்குப் பேசிய வார்த்தை நாளைக்கு அறிக்கையில் வந்துவிடுமோ என்ற பயத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அதேபோல, ஒருவர் வேண்டுமென்றே தவறு செய்தாரா என்று பார்க்கும் ஒழுங்கு விசாரணையும் தனியாகவே நடக்க வேண்டும். இங்கிலாந்தின் அரசு மருத்துவத் துறையான என்.எச்.எஸ். 2022இல் கொண்டுவந்த புதிய நடைமுறை இதைத்தான் வலியுறுத்துகிறது. அடிப்படைக் காரணம் என்று ஒன்றைத் தேடிப் பிடிக்கும் பழைய முறையை விட்டு, வேலை எப்படி அமைந்திருந்தது என்று பார்க்கும் முறைக்கு அது மாறியது.

அறிக்கை எழுதுபவருக்கு முதல் எதிரி அவருடைய தலைக்குள்ளேயே இருக்கிறது. 1972இல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்கும் சோவியத் நாட்டுக்கும் போவதற்கு முன், அந்தப் பயணங்களில் என்னென்ன நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று பாருக் ஃபிஷ்ஹாஃப், ரூத் பெய்த் என்ற ஆய்வாளர்கள் இஸ்ரேலிய மாணவர்களிடம் மதிப்பிடச் சொன்னார்கள். பயணம் முடிந்த பிறகு, அன்று நீங்கள் என்ன மதிப்பு போட்டீர்கள் என்று கேட்டார்கள். உண்மையில் நடந்துவிட்ட விஷயங்களுக்குத் தாங்கள் போட்டதைவிட அதிகமாகப் போட்டதாகவே பலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். முடிவு தெரிந்ததும், முன்பே தெரிந்ததுபோல் நினைவு மாறிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை நடந்ததைத் தெரிந்துகொண்டு செவ்வாய்க்கிழமை போனைப் பார்க்கும் எவருக்கும் அது அபாயச் சங்காகவே கேட்கும்.

முதல் வரைவில் இப்படி ஒரு வரி இருந்தது என்று வைத்துக்கொள்வோம்: "நோயாளி தொலைபேசியில் பேசியபோது அதன் அவசரத்தை வரவேற்பாளர் உணரத் தவறினார்."

இதில் 'தவறினார்' என்பது முடிவு தெரிந்த பிறகு எழுதிய சொல். அவர் உணர்ந்திருக்கக் கூடிய தகவல் அன்று அவர் முன் இருந்ததா என்பதை அந்த வரி சொல்லவில்லை. அதைத் தெரிந்துகொள்ள, எழுதுபவர் இரண்டு நாள் காலையில் அந்த மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிறார். பிறகு அந்தப் பெண்ணிடம், "ஏன் செய்யல?" என்று கேட்காமல், "அந்த நேரத்துல உங்க முன்னாடி என்னென்ன இருந்துச்சும்மா?" என்று கேட்கிறார். அதற்குப் பிறகு வரி இப்படி மாறுகிறது:

"செவ்வாய் காலை 11.10க்கு நோயாளி போன் செய்து தேதியை மாற்றக் கேட்டார். அப்போது மேசையில் ஒருவரே இருந்தார். யார் வார்டிலிருந்து அண்மையில் வீடு திரும்பியவர் என்பது அப்பாயின்ட்மென்ட் பதிவேட்டில் தெரியாது. தேதி மாற்றத்தைச் செவிலியரிடம் சொல்லும் நடைமுறை கிளினிக்கில் இல்லை. முதல் காலியிடம் பத்து நாள் தள்ளி இருந்தது. அது கொடுக்கப்பட்டது."

இப்போது திருத்தக் கூடிய இடம் கண்ணுக்குத் தெரிகிறது. வார்டிலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்களில் தற்கொலை ஆபத்து மிக அதிகம் என்பது 1996 முதல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இயங்கிவரும் தேசிய விசாரணைக் குழு திரும்பத் திரும்பச் சொல்லிவருவது. இந்த நோயாளி இறந்தது பதினோராம் நாள். அந்த நாட்களில் இருக்கிறார் என்ற ஒரே முக்கியத் தகவல் மருத்துவரின் கோப்பில் இருந்தது, மேசைக்கு வரவில்லை.

கோப்பில் இன்னொன்றும் இருந்தது. வீடு திரும்பிய நாளில் 'ஆபத்து: குறைவு' என்று டிக் செய்யப்பட்டிருந்தது. வழக்கமான அறிக்கை இந்தக் கட்டத்தைப் பிடித்துக்கொண்டு, மதிப்பீடு தவறு, படிவத்தை இன்னும் கவனமாக நிரப்பப் பயிற்சி தர வேண்டும் என்று முடித்துவிடும். ஆனால் அதே மான்செஸ்டர் குழு பார்த்த மரணங்களில் பெரும்பாலானவற்றில், கடைசிச் சந்திப்பில் உடனடி ஆபத்து குறைவு அல்லது இல்லை என்றே குறிக்கப்பட்டிருந்தது. இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2022 வழிகாட்டுதலில், தற்கொலையை முன்கணிக்க மதிப்பெண் படிவங்களைப் பயன்படுத்த வேண்டாம், நோயாளிகளை அதிகம், நடுத்தரம், குறைவு என்று பிரிக்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. நம் கிளினிக்கின் அறிக்கையும் அந்தக் கட்டத்தைச் சரியா தவறா என்று தீர்ப்பளிக்காமல், அதை நிரப்பிய பிறகு யாருக்கு என்ன வேலை மாறியது என்று கேட்கிறது. எதுவும் மாறவில்லை என்பதுதான் பதில்.

ஒரு மரணத்தை மட்டும் வைத்து நடைமுறையை மாற்றினால் தவறான இடத்தைத் திருத்திவிடலாம். அதனால் மூன்று மாதப் பதிவேட்டைப் புரட்டுகிறார்கள். தேதி மாற்றிய 140 பேரில் 19 பேர் வீடு திரும்பி ஒரு மாதத்துக்குள் இருந்தவர்கள். அவர்களில் 16 பேரை யாரும் திரும்ப அழைக்கவில்லை. அவர்கள் எல்லோரும் உயிரோடு இருப்பதால் அந்த இடைவெளி யார் கண்ணிலும் படவில்லை.

பரிந்துரை எழுதும்போது, "ஊழியர்கள் விழிப்போடு இருக்க அறிவுறுத்தப்பட்டது" என்பதுதான் கைக்கு முதலில் வரும் வரி. அடுத்த வாரமே அது மறந்துபோகும். இங்கே எழுதப்பட்டது வேறு: வீடு திரும்பியவரின் பெயருக்குப் பக்கத்தில் 30 நாளுக்கு ஒரு நிறக்குறி தானாக வரும். அந்தக் குறியுள்ளவர் தேதியை மாற்றினாலோ வராமல்போனாலோ செவிலியர் அன்று மாலைக்குள் அழைத்துப் பேசுவார். இதற்காக அவருடைய வேலையில் தினமும் அரை மணி நேரம் ஒதுக்கப்படும். மூன்று மாதம் கழித்து, குறியுள்ளவர்களில் எத்தனை பேருக்கு அன்றே அழைப்பு போனது என்று எண்ணிப் பார்ப்பார்கள்.

இறுதி வடிவத்துக்கு முன் வரைவை எடுத்துக்கொண்டு மருத்துவர் அந்த வீட்டுக்குப் போகிறார். போவதற்கு முன் அனுமதி கேட்டிருந்தார். ஆய்வு தொடங்கும்போதே, உங்களுக்கு என்னென்ன தெரிய வேண்டும் என்று குடும்பத்திடம் கேட்டு, அந்தக் கேள்விகளையும் சேர்த்திருந்தார்கள். அறிக்கை எதற்குப் பதில் சொல்லாது என்பதையும் அவர் மறைக்கவில்லை. தேதி மாறாமல் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாது என்று விளக்கினார்.

வரைவில், "தேதியை மாற்றக் காரணம் சொல்லவில்லை" என்ற இடத்தில் அக்கா நிறுத்தினார். "காரணம் இருந்துச்சு டாக்டர். புதுசா வேலைக்குச் சேர்ந்திருந்தான். ரெண்டாவது நாளே லீவு கேக்க வேண்டாம்னு நெனச்சான்" என்றார். வேலை கிடைத்தது கிளினிக்கில் யாருக்கும் தெரியாது. அந்த போன் அபாயச் சங்காக இருந்ததா, நல்ல செய்தியின் ஒரு துண்டா என்று இப்போது உறுதியாகச் சொல்ல வழியில்லை. மருத்துவர் அந்த வரியை அடித்துவிட்டு, அக்கா சொன்னதை அவர் சொன்னபடியே எழுதிக்கொண்டார். மறுநாள் காலை, மற்றவர்களுக்கு அறிக்கையைக் கொடுப்பதற்கு முன், வரவேற்பு மேசைப் பெண்ணை உள்ளே அழைத்து அந்தப் பக்கத்தை முதலில் அவரிடம் படிக்கக் கொடுத்தார்.

(தற்கொலை எண்ணம் வருபவர்களும் அவர்களைப் பற்றிக் கவலைப்படுபவர்களும் டெலி மானஸ் 14416, தமிழ்நாட்டில் 104 ஆகிய எண்களை அழைத்துத் தமிழில் பேசலாம்.)