சராசரிகளுக்குச் சராசரி எடுக்கலாமா?

வணிக அறிக்கை மென்பொருளான பவர் பிஐ கற்பவர்கள் பயன்படுத்தும் ஒரு மாதிரித் தரவை மைக்ரோசாஃப்ட் தருகிறது. அட்வெஞ்சர் ஒர்க்ஸ் என்ற கற்பனை சைக்கிள் நிறுவனத்தின் விற்பனைப் பதிவு அது. இணைய விற்பனை அட்டவணையில் 60,398 வரிகளும் 27,659 ஆர்டர்களும் இருக்கின்றன. ஒருவர் சைக்கிளும் தண்ணீர் பாட்டிலும் வாங்கினால் ஆர்டர் ஒன்றுதான், வரிகள் இரண்டு. மொத்த விற்பனை சுமார் 2 கோடியே 93.6 லட்சம் டாலர். அதை ஆர்டர் எண்ணிக்கையால் வகுத்தால் ஓர் ஆர்டரின் சராசரி மதிப்பு சுமார் 1,061 டாலர்.

ஆனால் இந்தக் கடையில் 3,578 டாலர் சைக்கிளும் விற்கிறது, 5 டாலருக்கும் குறைவான தண்ணீர் பாட்டிலும் விற்கிறது. சில சைக்கிள் ஆர்டர்கள் சேர்ந்தாலே சராசரி எகிறிவிடும். சாதாரண வாடிக்கையாளர் எவ்வளவுக்கு வாங்குகிறார் என்று அறிய, ஆர்டர்களை மதிப்பு வாரியாக வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதைப் பார்க்க வேண்டும். பள்ளிக் கணக்கில் படித்த இடைநிலை அளவு அதுதான்.

பலர் சறுக்குவது இங்கேதான். நாடு வாரியாக ஒரு விடையைக் கணக்கிட்டு வைத்துவிட்டு, மொத்தத்துக்கு அந்த விடைகளையே சராசரி எடுக்கிறார்கள். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆஸ்திரேலியாவில் மூன்று ஆர்டர்கள்: 2,300, 2,400, 3,400 டாலர். கனடாவில் ஐந்து: 5, 30, 35, 40, 60. இரு நாடுகளின் சராசரி 2,700, 34. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 1,367. எட்டு ஆர்டர்களையும் ஒன்றாகக் கூட்டி வகுத்தால் வருவதோ சுமார் 1,034.

இடைநிலை அளவில் சறுக்கல் இன்னும் பெரிது. ஆஸ்திரேலியாவுக்கு 2,400, கனடாவுக்கு 35. அவற்றின் சராசரி 1,217.50. எட்டையும் வரிசைப்படுத்தினால் நடுவில் 40, 60 என இரண்டு நிற்கின்றன, ஆகவே உண்மையான விடை 50 டாலர்.

சராசரியையாவது சரிசெய்துவிடலாம். ஒவ்வொரு நாட்டின் தொகையும் எண்ணிக்கையும் கையில் இருந்தால் போதும். இடைநிலை அளவுக்கு அந்த வழி கிடையாது. கனடாவின் 60 டாலர் ஆர்டர் 1,000 டாலராக இருந்திருந்தால்? கனடாவின் இடைநிலை அளவு அப்போதும் 35தான். ஆர்டர் எண்ணிக்கையும் மாறவில்லை. மொத்த விடை மட்டும் 50இலிருந்து 520க்குத் தாவிவிடுகிறது. பகுதி விடைகளை எப்படிக் கலந்தாலும் முழு விடை கிடைக்காது. ஆர்டர்களிடமே திரும்பப் போக வேண்டும்.

அதனால்தான் விடையை முன்கூட்டியே அட்டவணையில் எழுதி வைக்காமல், மெஷர் என்ற கணக்கு விதியாக எழுதுகிறார்கள். பார்ப்பவர் நாட்டையோ ஆண்டையோ ஃபில்டரில் மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்த விதி புதிதாக ஓடும். மொத்த வரியிலும் அப்படியே. மேலே உள்ள வரிகளின் விடைகளை அது தொடுவதே இல்லை.

```
Median Order Value =
MEDIANX (
    VALUES ( FactInternetSales[SalesOrderNumber] ),
    CALCULATE ( SUM ( FactInternetSales[SalesAmount] ) )
)
```

ஃபில்டருக்குப் பிறகு எஞ்சியுள்ள ஆர்டர் எண்களை VALUES ஒவ்வொன்றாக எடுத்துத் தருகிறது. அந்தந்த ஆர்டரின் வரிகளை மட்டும் CALCULATE கூட்டுகிறது. கிடைத்த தொகைகளின் நடுவை MEDIANX எடுக்கிறது. CALCULATE விட்டுப்போனால் ஒவ்வோர் ஆர்டருக்கும் மொத்த விற்பனையே மதிப்பாக வந்துவிடும். இடைநிலை அளவு மொத்த விற்பனைக்குச் சமமாகத் தெரிந்தால் காரணம் இதுதான். இதையெல்லாம் விட்டு, விற்பனைத் தொகை நிரலுக்கு நேரடியாக MEDIAN போட்டால் கிடைப்பது வரிகளின் நடு; ஆர்டர்களின் நடு அல்ல.

மென்பொருள் தீர்த்துவைக்க முடியாத கேள்வி ஒன்று மிச்சமிருக்கிறது. துணைப்பொருள்கள் என்ற வகையை மட்டும் தேர்ந்தால், சைக்கிளும் பாட்டிலும் உள்ள ஆர்டரின் மதிப்பு எவ்வளவு? மேலுள்ள விதி பாட்டிலின் விலையை மட்டும் எண்ணும். பாட்டில் வாங்கியவர்களின் முழு பில் தெரிய வேண்டுமென்றால், SUM முடிந்ததும் ஒரு காற்புள்ளி இட்டு, CALCULATE அடைப்புக்குள்ளேயே REMOVEFILTERS ( DimProduct ) சேர்க்க வேண்டும். இரண்டும் சரியான விடைகள்தான், கேள்விகள்தான் வேறு. எது வேண்டும் என்பதைக் கடைக்காரர் சொல்ல வேண்டும். அறிக்கையின் தலைப்பிலும் அது தெரிய வேண்டும்.

இந்த முறைக்கு ஒரு விலை உண்டு. எல்லா ஆர்டர்களையும் ஒவ்வொரு முறையும் கூட்டி வரிசைப்படுத்த வேண்டியிருப்பதால், கோடிக்கணக்கான ஆர்டர்கள் உள்ள இடத்தில் அறிக்கை மெதுவாகும். அதற்காகப் பழைய குறுக்குவழிக்குப் போக வேண்டாம். காலத்தைச் சுருக்கிக்கொள்ளுங்கள். விதி சரியா என்று சந்தேகம் வந்தால், ஏழெட்டு ஆர்டர்களே எஞ்சும்படி ஃபில்டர் போட்டு, அவற்றைத் தாளில் வரிசையாக எழுதி, நடுவில் உள்ளதைத் திரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.