270 கிராம் கேட்டு ஒரு கடிதம்

இறுதியாண்டு புராஜெக்ட் சூடுபிடிக்கும் மாதங்களில் பொறியியல் கல்லூரித் துறைத்தலைவரின் மேசைக்கு ஒரே அச்சில் வார்த்த கடிதங்கள் வரும். ‘ஆய்வகத்தின் 3டி பிரிண்டரைப் பயன்படுத்த அனுமதி தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.’ அதற்கு மேல் ஒன்றும் இருக்காது. இருப்பது ஒரு பிரிண்டர், கேட்பது பத்துக் குழுக்கள் என்றால், எத்தனை மணி நேரம், எவ்வளவு பிளாஸ்டிக் என்று தெரியாமல் அவர் எப்படிக் கையெழுத்திடுவார்? ‘பார்க்கலாம்’ என்பார். ரிவ்யூ தேதி நெருங்கிவிடும்.

பணிவைவிட இந்தக் கடிதத்துக்குக் கணக்குதான் முக்கியம். ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். மெக்கானிக்கல் மாணவர்கள் நால்வர், பொருளைப் பற்றித் தூக்கும் மூன்று விரல் ரோபோ கை செய்கிறார்கள். பிரிண்டர், பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் இழையை உருக்கி, 0.2 மில்லிமீட்டர் தடிமனில் அடுக்கடுக்காகப் போட்டு பாகத்தை எழுப்பும். வேகம் குறைவு. உள்ளங்கை அளவுப் பாகத்துக்கே அரை நாள் போய்விடும்.

எடையையும் நேரத்தையும் யாரும் ஊகிக்க வேண்டியதில்லை. வரைபடக் கோப்பை ஸ்லைசர் மென்பொருளில் திறந்தால் இரண்டையும் அதுவே சொல்லும். ஆனால் ஆய்வகத்தில் இருக்கும் அதே பிரிண்டரின் அமைப்பைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். வீட்டுக் கணினியில் வேறொரு வேகமான மாடலை வைத்துக் கணக்கிட்டால், ஐந்து மணி நேர வேலையை மூன்று மணி என்று காட்டிவிடும்.

கடிதம் இப்படி இருக்கலாம். ஆங்கிலத்தில் எழுதினாலும் உள்ளடக்கம் இதுதான்.

*பெறுநர்: துறைத்தலைவர், இயந்திரவியல் துறை*
*வழி: திட்ட வழிகாட்டி*
*பொருள்: 3டி பிரிண்டர் நேரம், 270 கிராம் பி.எல்.ஏ. இழை வேண்டுதல்*

*மதிப்பிற்குரிய அம்மா,*

*எங்கள் ரோபோ கைக்கான பாகங்களை ஆய்வகப் பிரிண்டரில் அச்சிட அனுமதி வேண்டுகிறோம். வேலையை நான்கு தவணையாகப் பிரித்துள்ளோம். உள்ளங்கைத் தளம்: 62 கிராம், 5 மணி. மூன்று விரல்கள்: 54 கிராம், 5 மணி. மோட்டார் தாங்கிகள் இரண்டு: 44 கிராம், மூன்றரை மணி. மூடியும் பற்சக்கரங்களும்: 40 கிராம், மூன்றரை மணி. மொத்தம் 200 கிராம், 17 மணி. தாங்குபொருளும் இதில் அடக்கம்.*

*ஒரு தவணை கெட்டால் திரும்ப அச்சிட 62 கிராமும், சோதனைக்கு 8 கிராமும் சேர்த்து 270 கிராம் கேட்கிறோம். கிலோ 1,000 ரூபாய் என்று வைத்தால் செலவு 270 ரூபாய். ஒரு நாளைக்கு ஒரு தவணையாக நான்கு வேலை நாட்களும், மாற்று நாள் ஒன்றும் வேண்டும். தினமும் காலை ஒன்பதரைக்குத் தொடங்கி மூன்று மணிக்குள் முடிப்போம். அதுவரை எங்களில் ஒருவர் பிரிண்டர் அருகிலேயே இருப்போம்.*

இந்தக் கடிதத்தில் நான் மிகவும் மெச்சுவது அந்த 62 கிராமைத்தான். சேதாரம் என்று பத்து சதவீதம் போடுவது வழக்கம். இங்கே அது 20 கிராம். ஆனால் அச்சு கடைசி அரை மணியில் கெட்டால் பத்து சதவீதமா வீணாகும்? பாகம் முழுவதும் போகும். அதனால் இருப்பதிலேயே பெரிய தவணையின் எடையைக் கையிருப்பாகக் கேட்பதே சரியான கணக்கு.

தவணையாகப் பிரித்ததற்கும் காரணம் உண்டு. எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து 17 மணி நேரம் ஓட்டினால் இரவில் ஆளில்லாத ஆய்வகத்தில் சூடான கருவி ஓட வேண்டும். அதற்கு எந்தத் துறைத்தலைவரும் எளிதில் சம்மதிக்கமாட்டார். நடுவில் ஒரு விரல் தட்டிலிருந்து பெயர்ந்தால், மற்ற பாகங்களும் சேர்ந்து நாசமாகும். பெயரப்போகிறதா என்பது பெரும்பாலும் முதல் அடுக்கிலேயே தெரியும். ஓரம் தூக்கிக்கொண்டிருந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும், இரண்டு கிராமோடு போகும்.

அம்மா ஒரு கேள்வி கேட்பார்: மோட்டார் தாங்கிக்கு பி.எல்.ஏ. தாங்குமா? நியாயமான கேள்வி. ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸில் அது இளகத் தொடங்கும். மோட்டார் தொட முடியாத அளவுக்குச் சுடுமென்றால் அந்தப் பாகத்துக்கு மட்டும் பி.இ.டி.ஜி. இழை கேட்க வேண்டும். பலத்துக்காக உள்ளே முழுக்க நிரப்பவும் தேவையில்லை. 20 சதவீத நிரப்பலோடு வெளிச்சுவரை ஒன்று கூட்டினால் குறைந்த இழையிலேயே நல்ல பலம் கிடைக்கும்.

கடிதம் கொடுப்பதற்கு முன் ஆய்வகப் பொறுப்பாளரிடம் சொல்லி, மீதமிருக்கும் இழைச் சுருளைத் தராசில் வையுங்கள். 540 கிராம் காட்டி, வெறும் உருளை 220 கிராம் என்றால் இழை 320 கிராம், உங்களுக்குப் போதும். அந்த எடையையும் தேதியையும் கடிதத்தின் அடியில் குறித்து அவரிடம் கையொப்பம் வாங்குங்கள். ஒரு படியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.