பில் எண்ணில் ஓட்டை விழாமல்

ஜிஎஸ்டி விதி 46-இன்படி பில் எண் 16 எழுத்துக்குள், தொடர்வரிசையில், ஒரு நிதியாண்டில் இரண்டு முறை வராதபடி இருக்க வேண்டும். கடையில் ஒரே ஆள் பில் புத்தகம் எழுதினால் இதில் சிக்கலே இல்லை. ஆன்லைன் கடையில் ஒரே நொடியில் இரண்டு ஆர்டர் வரும்போதுதான் வம்பு.

கடைசி எண் 1041 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஆர்டரும் அதைப் படித்து ஒன்றைக் கூட்டினால், இரண்டுக்கும் 1042. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் சீக்வென்ஸ் வசதி வெவ்வேறு எண்களைத்தான் தரும். ஆனால் எண்ணை வாங்கிய ஆர்டர் பாதியில் முறிந்தால் அந்த எண் திரும்பி வராது, வரிசையில் ஓட்டை.

தீர்வு, கடைசி எண்ணை ஒரு டேபிளில் வைத்து, பில்லைச் சேமிக்கும் அதே டிரான்சாக்‌ஷனுக்குள் கூட்டுவது:

```sql
UPDATE bill_counter
SET last_no = last_no + 1
WHERE fy = '2025-26'
RETURNING last_no;
```

முதல் ஆர்டர் அந்த வரியைப் பூட்டிவிடும். அது முடியும்வரை இரண்டாவது காத்திருக்கும். முதலாவது முறிந்தால் எண் 1041-க்கே திரும்பும், 1042 இரண்டாவதுக்குப் போகும்.

காத்திருப்புதான் இதன் விலை. ஆகவே வங்கியிடம் பணம் வந்ததா என்று கேட்பதையெல்லாம் முன்பே முடித்துவிட்டு, எண்ணைக் கடைசியில் எடுங்கள். பில் எண் பத்தியில் யூனிக் கட்டுப்பாடும் இருக்கட்டும். ரத்தான பில்லை மட்டும் அழித்துவிடாதீர்கள்: ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் முதல் எண், கடைசி எண்ணோடு ரத்தானவற்றின் எண்ணிக்கையையும் கேட்கிறார்கள்.