அடி விழுந்ததை யாரிடமெல்லாம் சொல்வது?

கணினி விளையாட்டில் வீரன் மீது ஓர் அம்பு தைக்கிறது. அவனுடைய உயிர் 100-லிருந்து 80-க்கு இறங்குகிறது. அந்த நொடியிலேயே திரையின் மூலையில் உள்ள பச்சைப் பட்டை சுருங்க வேண்டும், முனகல் ஒலி கேட்க வேண்டும், கேமரா குலுங்க வேண்டும். ‘காயமே படாமல் முடித்தவர்’ என்ற பதக்கமும் கைநழுவ வேண்டும்.

புதிதாக நிரல் எழுதுகிறவர் இந்த நான்கு வேலைகளையும் வீரனின் ஸ்கிரிப்டிலேயே எழுதிவிடுவார். பட்டை எது, ஒலிப்பான் எது, கேமரா எது என்று வீரனுக்கே தெரிந்திருக்கும். ஒவ்வொன்றையும் அவனே கூப்பிடுவான். முதல் வாரம் எல்லாம் ஒழுங்காக ஓடும்.

பிறகு ஒருநாள், வீரன் தாவுவது சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு காலிக் காட்சியில் அவனை மட்டும் போட்டு ஓட்டிப் பார்ப்பார்கள். முதல் அடி விழுந்ததும் `NullReferenceException` என்ற பிழை வரும். காரணம், அந்தக் காட்சியில் பட்டை இல்லை. பட்டையைக் கொண்டுவந்தால் அது மெனுவைக் கேட்கும், மெனு சேமிப்புப் பகுதியைக் கேட்கும். ஒரு தாவலைச் சோதிக்க முழு விளையாட்டையும் இழுத்துவர வேண்டியதாகிவிடும்.

யூனிட்டி என்ஜினில் வேலை செய்பவர்கள் இதற்கு அடிக்கடி மேற்கோள் காட்டுவது, 2017-இல் ஆஸ்டினில் நடந்த யுனைட் மாநாட்டில் ஷெல் கேம்ஸ் நிறுவனப் பொறியாளர் ரயன் ஹிப்பிள் ஆற்றிய உரையை. அவர் கையில் எடுத்தது யூனிட்டியில் ஏற்கெனவே இருந்த ஸ்கிரிப்டபிள் ஆப்ஜெக்ட். இது எந்தக் காட்சியிலும் நிற்காமல், படங்களையும் ஒலிகளையும் போல ப்ராஜெக்டில் தனிக் கோப்பாக இருக்கும் தரவுப் பொருள். வீரனின் உயிரை `PlayerHealth` என்ற அப்படியொரு கோப்பில் வைத்துவிட்டால், வீரன் அதில் எழுதுவான், பட்டை அதைப் படிக்கும். ஒன்றுக்கு மற்றொன்று இருப்பதே தெரியாது. வீரனே இல்லாத காட்சியில், இன்ஸ்பெக்டரில் அந்த எண்ணைக் கையால் குறைத்தாலும் பட்டை சுருங்கும். பட்டையை வடிவமைப்பவர் இனி வீரனுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் முனகல் ஒரு எண் அல்ல. ஒரு கணத்தில் நடந்து முடிகிற விஷயம். அதற்குத்தான் ஈவென்ட் பஸ். தண்டோரா போடுகிறவர் எந்த வீட்டில் யார் கேட்கிறார்கள் என்று பார்ப்பதில்லை. அதுபோல வீரன் ‘அடி விழுந்தது’ என்று மட்டும் அறிவிப்பான். அக்கறை உள்ளவை முன்கூட்டியே பெயரைப் பதிந்து வைத்திருக்கும். அறிவிக்கும் பகுதி இவ்வளவுதான்:

```csharp
public void Raise()
{
    for (int i = listeners.Count - 1; i >= 0; i--)
        listeners[i].OnEventRaised();
}
```

பட்டியலைக் கடைசியிலிருந்து படிப்பதற்குக் காரணம் உண்டு. செய்தியைக் கேட்டதும் ஒருவர் தன் பெயரை நீக்கிக்கொள்ளலாம். முன்னிருந்து படித்தால் அப்போது அடுத்தவர் ஓர் இடம் முன்னால் நகர்ந்துவிடுவார். அவருக்குச் செய்தி போகாது.

பெயரைப் பதிவது `OnEnable`-இல், நீக்குவது `OnDisable`-இல். இரண்டாவதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். காட்சி மாறிய பிறகு, அழிந்துபோன பட்டையைக் கூப்பிட்டு `MissingReferenceException` வரும். அந்தப் பிழையில் சுற்று நின்றுபோவதால் பட்டியலில் மீதமுள்ளவர்களுக்கும் செய்தி போகாது. பிழை காட்டுவதாவது நல்லது. கேட்பது சாதாரண சி ஷார்ப் பொருளாக இருந்தால் பிழையே வராது. பழையது நினைவகத்தில் தங்கிவிடும். கட்டத்தை மறுபடி தொடங்கிய பிறகு முனகல் இரட்டையாகக் கேட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

தரவுக் கோப்புக்கும் ஒரு குணம் உண்டு. எடிட்டரில் ஆடும்போது உயிர் 0 ஆனால், ஆட்டத்தை நிறுத்திய பிறகும் கோப்பில் 0 அப்படியே இருக்கும்; அடுத்த முறை வீரன் செத்தே பிறப்பான். வெளியிட்ட விளையாட்டில் இது நேர்மாறு: மூடித் திறந்தால் பழைய மதிப்பே திரும்பி வரும். எடிட்டரில் பார்த்ததை நம்பி, ஆட்டக்காரரின் முன்னேற்றத்தை இதிலேயே சேமிக்கலாம் என்று நினைத்தால் வெளியீட்டுக்குப் பிறகுதான் உண்மை தெரியும். தொடக்க மதிப்பைத் தனியாக வைத்து, ஆட்டம் தொடங்கும்போது இன்னொரு மாறியில் நகலெடுத்துக்கொள்வதே வழக்கமான தீர்வு.

இந்த முறையில் ருசி கண்டவர்கள் எல்லாவற்றையும் ஈவென்ட் ஆக்கிவிடுவதும் உண்டு. அது இன்னொரு சிக்கல். யார் அறிவித்தார்கள், யார் கேட்டார்கள் என்று நிரலைப் படித்துத் தேடினால் பாதை பாதியில் அறுந்துபோகும். வரிசையையும் நம்ப முடியாது. வீரன் இறக்கும்போது முதலில் ஆட்டம் நிற்க வேண்டும், பிறகு மதிப்பெண் சேமிக்கப்பட வேண்டும், அதன் பிறகே முடிவுத் திரை வர வேண்டும் என்றால், மூன்றையும் ஒரே பொறுப்பாளர் ஒன்றன்பின் ஒன்றாக நேரடியாகக் கூப்பிடுவதுதான் சரி. வீரனின் கையிலேயே இருக்கும் வாளும் அப்படித்தான்: இரண்டும் எப்போதும் சேர்ந்தே காட்சிக்கு வருவதால், அவற்றுக்கிடையே நேரடி இணைப்பு இருப்பதில் குற்றமில்லை.