வேலை முடிந்தது, மின்னஞ்சலில் என்ன எழுதுவது?

ஒரு மருத்துவமனைக்கு டாக்டர் முன்பதிவுச் செயலி செய்து கொடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வேலை முடிந்ததும் நிர்வாகம், கணக்குப் பிரிவு, வரவேற்புப் பிரிவு என எல்லோருக்கும் ஒரு நிறைவு மின்னஞ்சல் போக வேண்டும். முன்பதிவும் குறுஞ்செய்தி நினைவூட்டலும் ஓடத் தொடங்கிவிட்டன என்பதை இரண்டே வரியில் சொல்லிவிடலாம்.

கைவிட்டதை எழுதும்போதுதான் பலருக்குக் கை தயங்குகிறது. 'பணம் திருப்பித் தரும் வசதி அடுத்த கட்டத்தில் பார்க்கப்படும்' என்று மழுப்புவார்கள். அடுத்த கட்டத்துக்குப் பணமே ஒதுக்காதபோது இது பொய் நம்பிக்கை. கணக்குப் பிரிவும் இதை நம்பி மாற்று ஏற்பாடு செய்யாமல் இருந்துவிடும். நான் இப்படித்தான் எழுதச் சொல்வேன்: 'ரத்தான முன்பதிவுக்குப் பணம் தானாகத் திரும்பாது. இதை விட்டுவிட மார்ச் கூட்டத்தில் நிர்வாகம் முடிவெடுத்தது. கணக்குப் பிரிவே வழக்கம்போல் பணத்தைத் திருப்பித் தரும்.' என்ன இல்லை, யார் முடிவு, அதற்குப் பதில் என்ன என்பதெல்லாம் இதில் வந்துவிட்டது.

மிச்சமிருக்கும் வேலைக்கு ஆளும் தேதியும் வேண்டும். ஒரே நோயாளிக்கு இரண்டு பதிவு எண்கள் இருக்கும் சிக்கல் தீரவில்லை என்றால், 'கவனத்தில் உள்ளது' என்பது போதாது. குழு கலைந்தபின் கவனிக்க யார் இருப்பார்கள்? பதிவேட்டுப் பிரிவின் பொறுப்பாளர் ஜூன் 30க்குள் சரிசெய்வார் என்று, அவரிடம் முன்பே பேசி ஒப்புதல் வாங்கி எழுதுங்கள். அதுவரை வரவேற்புப் பிரிவில் பெயரோடு கைபேசி எண்ணையும் கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.