ஐந்தடிக் குளியலறைக்குத் திரையா, கண்ணாடிக் கதவா?

அடுக்குமாடி வீடுகளின் சின்னக் குளியலறையில் உள்சுவரோரம் ஷவரும், வாசல் பக்கம் வெஸ்டர்ன் டாய்லெட்டும் வாஷ்பேசினும் இருப்பது வழக்கம். தடுப்பு எதுவும் இல்லையென்றால் ஒருவர் குளித்ததும் அறை முழுக்க ஈரமாகிவிடும். நனையும் பகுதியைப் பிரிக்க, ராடில் தொங்கும் திரை போடலாம். இல்லையென்றால் தண்டவாளத்தில் ஓடும் கண்ணாடிக் கதவு வைக்கலாம். திரையும் ராடும் ஓரிரு ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். கதவுக்கு அதைப்போலப் பல மடங்கு ஆகும்.

விலையைவிட எடையில்தான் வேறுபாடு பெரிது. ஐந்தடி அகலத்தை மறைக்க 180 செ.மீ. அகலமும் 200 செ.மீ. உயரமும் கொண்ட ஒரு திரை போதும். மெல்லிய பிளாஸ்டிக் என்றால் அது அரை கிலோ அளவில்தான் இருக்கும். அதே இடத்துக்கு இரண்டு கண்ணாடிப் பலகைகள் தேவை. 6 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 15 கிலோ கனக்கும். 78 செ.மீ. அகலம், 190 செ.மீ. உயரம் என்று கணக்கிட்டால் ஒரு பலகை 22 கிலோ, இரண்டும் சேர்ந்து 44 கிலோ. இந்தச் சுமையைத் தாங்கும் வலு சுவருக்கு வேண்டும். சுவர் தூக்குக்குண்டு பிடித்தாற்போல் நேராகவும் இருக்க வேண்டும்.

திரைக்கான ராடு இரண்டு வகை. ஸ்பிரிங் ராடை இரு சுவர்களுக்கும் இடையே இறுக்கிவிட்டால் போதும், துளை வேண்டாம். வாடகை வீட்டுக்கு ஏற்றது. ஆனால் அதைப் பிடித்து நிறுத்துவது முனையிலுள்ள ரப்பரின் உராய்வு மட்டுமே. டைல்ஸில் சோப்பு நீர் படியப் படிய ராடு கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கி இறங்கும். ராடு நீள நீள இந்தத் தொல்லையும் கூடும். சொந்த வீடென்றால் ஸ்குரு போட்டுப் பொருத்துவதே நல்லது. டைல்ஸைத் துளைத்து முடிக்கும் வரை டிரில்லின் சுத்தியல் இயக்கத்தை நிறுத்தி வைக்க வேண்டும், இல்லையென்றால் டைல்ஸ் விரிந்துவிடும். உப்புத் தன்மையுள்ள போர் தண்ணீர் வரும் இடங்களில் குரோம் பூசிய இரும்பு ராடு சீக்கிரம் துருப்பிடிக்கும். 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நீடிக்கும். எந்த ராடும் கைப்பிடி ஆகாது. வழுக்கும்போது அதைப் பிடிப்பவர் ராடோடு சேர்ந்தே விழுவார்.

ஷவரைத் திறந்ததும் திரை உள்ளே வந்து காலில் ஒட்டுவதற்குக் காற்றழுத்தமே காரணம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஷ்மிட் இதைக் கணினியில் ஆராய்ந்து, விழும் நீர்த்துளிகள் காற்றைச் சுழலவைக்கின்றன, சுழலின் நடுவே அழுத்தம் குறைகிறது என்று காட்டினார். 2001இல் அவருக்கு இக்நோபல் என்ற நகைச்சுவைப் பரிசு கிடைத்தது. வெந்நீர் என்றால் சூடான காற்று மேலே எழ, கீழிருந்து குளிர்ந்த காற்று உள்ளே புகுந்து திரையை இன்னும் தள்ளும்.

இதற்காகவே சில திரைகளின் அடி மடிப்பில் காந்தம் வைத்துத் தைத்திருப்பார்கள். அந்தக் காந்தம் இரும்புக் குளியல் தொட்டியில் ஒட்டிக்கொள்ளச் செய்யப்பட்டது. டைல்ஸ் தரையில் அதற்கு வேலையில்லை. நம் வீடுகளுக்கு அடிமடிப்பு முழுக்கச் சங்கிலிபோல் கனம் ஓடும் திரையே பொருந்தும். தரையில் மூன்று அங்குல உயரத்துக்கு ஒரு கரை கட்டி, திரை அந்தக் கரைக்கு உட்புறம் தொங்குமாறும், தரையைத் தொடாமல் ஓர் அங்குலம் மேலே நிற்குமாறும் ராடின் இடத்தைக் குறித்தால் தண்ணீர் வெளியே வராது.

பூஞ்சையும் அந்த அடிமடிப்பில்தான் முதலில் தலைகாட்டும். ஈரம் அங்கேயே தங்குவதும், சோப்பும் உடல் எண்ணெயும் சேர்ந்த படிவு உணவாவதும் காரணங்கள். மிருதுவான பி.வி.சி.யில் நெகிழ்வுக்காகச் சேர்க்கும் பொருளைக்கூடச் சில பூஞ்சைகள் தின்னும். இளஞ்சிவப்பு வழுவழுப்பு தெரிந்தால் அது பெரும்பாலும் பாக்டீரியா. குளித்ததும் திரையை ஒதுக்கிச் சுருட்டி வைக்காமல் முழுக்க விரித்து விடுவதும் ஜன்னலைத் திறந்து வைப்பதுமே பாதி மருந்து. கரும்புள்ளி தோன்றினால் ஒரு பங்கு பிளீச் திரவத்தைப் பத்துப் பங்கு தண்ணீரில் கலந்து தடவி, பத்து நிமிடம் கழித்துக் கழுவலாம். அதோடு டாய்லெட் கழுவும் ஆசிட் ஒரு துளிகூடச் சேரக் கூடாது, நச்சுக் குளோரின் வாயு கிளம்பும். தேய்த்தும் போகாத கறை பிளாஸ்டிக்குக்குள் இறங்கிவிட்டது என்று பொருள். திரையை மாற்றுவதுதான் வழி.

கண்ணாடிக் கதவு வைத்தால் பூஞ்சை போய்விடும் என்பது வெறும் நம்பிக்கை. கண்ணாடியில் அது பிடிக்காது, உண்மைதான். ஆனால் கீழ்த் தண்டவாளத்தில் முடியும் சோப்பும் தேங்கும், ஓரத்து ரப்பரும் சிலிக்கானும் கறுக்கும். உப்புத் தண்ணீர் கண்ணாடியில் வெள்ளைத் திட்டாகக் காயும். ஒரு பலகை மற்றொன்றின் பின்னே ஒதுங்குவதால் ஐந்தடியில் இரண்டே கால் அடிதான் திறக்கும். முதியவரை நாற்காலியில் அமர்த்திக் குளிப்பாட்டும் வீட்டுக்கு அது இடைஞ்சல். பதப்படுத்திய கண்ணாடியைப் பிறகு வெட்டவும் முடியாது. அதனால் டைல்ஸ் ஒட்டி முடித்த பின், மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில் அகலம் அளந்துதான் ஆர்டர் கொடுக்க வேண்டும்.